ஏழாம் நம்பரின் வால்

நல்லரத்தினம் கிளாக்கர் எங்கள் பாதைக் கந்தோருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. வாவியின் எழுவான்கரையில், பாதை வந்து முட்டும் இடத்தில், ஓலை வேய்ந்த ஒரு சின்னக் கந்தோர் அது. றோட்டுக் கமிட்டியின் கந்தோர். அதற்குப் பியோன் நான், காத்தான்குடி சரீப். பாதை என்றால் நடக்கிற பாதை அல்ல. இரண்டு வள்ளங்களைச் சேர்த்துப் பலகை அடித்து, ஆட்களையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றி, கம்பு ஊன்றி எதிர்க்கரையான படுவான்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிற மிதவை.

முந்தின கிளாக்கர் காலத்தில் பாதையில் ஏதாவது நடந்தால் ஒரு தாளில் எழுதுவார். யாராவது பெரிய மனிதர் முகத்தைச் சுளித்தால் அதைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதுவார். எல்லோருக்கும் சந்தோஷம். ஒருமுறை வாவியில் செத்த மாடுகள், தாள் கச்சேரிக்கு, அதாவது ஜில்லாவை ஆளும் ஏசண்டுத்துரையின் கந்தோருக்கு, போய்ச் சேர்வதற்குள் உயிரோடு எழுந்து நின்றுவிட்டன. அதற்குப் பிறகுதான் அவரைத் தூக்கிவிட்டு இந்த மனிதரை அனுப்பினார்கள்.

இவர் வந்ததும் ஒரு பதிவுப் புத்தகம் தைத்தார். பாதையில் என்ன நடந்தாலும், ஒரு கோழி தண்ணீரில் விழுந்தாலும், முதலில் அதற்கு ஒரு நம்பர். நம்பரும் வருஷமும் பதிவில் ஏறிய பிறகுதான் பேனா அறிக்கைத் தாளைத் தொடும். எழுதி ஒப்பமிட்டதை ஒருவரும் சுரண்டவோ கிழிக்கவோ கூடாது. திருத்தம் வேண்டுமா, தாராளமாகச் செய்யலாம். அதே நம்பருக்குப் பின்னால் 'அ' போட்டுப் புதிய தாள். அதையும் திருத்தினால் 'ஆ'. ஒவ்வொரு தாளின் தலையிலும் முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, மாற்றச் சொன்னவர் யார், எந்தத் தேதி, காரணம் என்ன என்று எழுதவேண்டும். மாற்றச் சொன்னவர் ஒப்பமிடவேண்டும். பழைய தாளின் குறுக்கே ஒரே ஒரு கோடு, படிக்கக்கூடிய மாதிரி. பிறகு எல்லாம் ஒன்றாகக் குண்டூசியில்.

"எதுக்கு ஐயா இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஒருத்தர் வந்து இந்தச் சொல் எப்ப வந்தது, ஆரு கொண்டுவந்தது எண்டு கேட்டா நீயா வந்து சொல்லுவாய்?" என்றார். சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கவேண்டும். பிள்ளை பெற்றவள்கூட அப்படிச் சிரிக்கமாட்டாள்.

முப்பத்தாறாம் வருஷத்தின் ஏழாம் நம்பர் இப்படி நடந்தது. காத்தான்குடி உசனார் ஹாஜியார் தன் மகளின் கலியாணத்துக்கு வாங்கிய பெரிய அலுமாரியைப் பாதையில் ஏற்றியிருந்தார். ஆட்களும் நிறைய. பாதைக்காரன் அழகரத்தினம், ஆரையம்பதியான், "காணும், இனி ஏத்த ஏலாது" என்று கையை விரித்து நின்றான். அப்போது எங்கள் பகுதி வன்னியனார் தன் வில்வண்டியோடு வந்து சேர்ந்தார். வன்னியனார் என்றால் அந்தப் பகுதி ஊர் அதிகாரிகளான விதானைமாருக்கெல்லாம் தலைவர். அவர் வந்தால் மரமும் எழுந்து நிற்கவேண்டும் என்று நினைக்கிற ஆள்.

"வண்டிய ஏத்துடா" என்றார். அழகரத்தினம் மாட்டேன் என்றான். வண்டிக்காரனைப் பார்த்து, "நீ ஓட்டு" என்றார். வண்டி ஏறியது. பாதை ஒரு பக்கம் சரிந்தது. மாடுகள் புத்தியோடு குதித்து நீந்திக் கரைக்கு வந்துவிட்டன. ஆட்கள் நனைந்தார்கள். அலுமாரி மட்டும் கண்ணாடியைக் காட்டிக்கொண்டு அமைதியாக வாவிக்குள் போனது. ஹாஜியார் தலையில் கைவைத்து, "என்ட புள்ளட அலுமாரி!" என்று கத்திய சத்தம் படுவான்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

கிளாக்கர் ஈரம் காய முன்னரே எல்லோரையும் விசாரித்து எழுதினார். 7/1936. பாதைக்காரன் தடுத்தான், வன்னியனார் வண்டியை ஏற்றச் சொன்னார், பாதை சரிந்தது. உள்ளது உள்ளபடி. அழகரத்தினத்துக்கு வாசித்தும் காட்டினார். அவன் பெருமூச்சு விட்டான். அவனுக்கு அந்தக் கம்புதான் சோறு. பாரம் கூட்டிக் கவிழ்த்தவன் என்று ஒருதரம் எழுதிவிட்டால் கமிட்டி மறுபேச்சில்லாமல் வேலையைப் பறிக்கும்.

அடுத்த நாளே வன்னியனார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னகா சரீப், நான் ஏத்தச் சொன்னன் எண்டு எழுதியிருக்காமே. 'கேட்டுக்கொண்டார்' எண்டு மாத்தச் சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். கிளாக்கர் சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அந்த மனிதர், "அதுக்கென்ன" என்று தாளை எடுத்தார். "காரணம் என்னவாம்?"

மறுபடி வெயிலில் நடந்தேன். "மரியாதைக்கு" என்றார் வன்னியனார். அதுவும் ஏறியது. 7/1936 அ. ஒப்பத்துக்குக் கொண்டுபோனேன். வெற்றிலையை மென்றபடி, ஒரு எழுத்தும் பார்க்காமல் கிறுக்கினார். பெரிய மனிதர்கள் வாசித்து ஒப்பமிட்டால் கௌரவம் என்னாவது?

பிறகு பெயரே வேண்டாம், 'வண்டி ஏறியது' என்றிருந்தால் போதும் என்றார். அது ஆ. காரணம்: வன்னியனார் பேர் தேவையில்லை. பிறகு காற்று அடித்ததாம். இ. காரணம்: காற்று அடித்திருக்கலாம். அன்று வாவி எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது, நானே பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கிளாக்கர் "அதுக்கென்ன" என்றார். எனக்கு அவரைப் பிடித்துக் குலுக்கவேண்டும் போலிருந்தது. இப்படித் தலையாட்டுகிற ஆளுக்கு நம்பர் என்ன, நெற்றிப் பொட்டென்ன?

அதற்குள் உசனார் ஹாஜியார் கச்சேரியில் மனு கொடுத்துவிட்டார். வன்னியனார் காதுக்கு அது எட்டியதும் கோபம் தலைக்கேறியது.

"காத்தெண்டா கச்சேரியில நம்புவானுகளா? பாதைக்காரன் குடிச்சிருந்தான் எண்டு எழுதச் சொல்லு!"

"கிளாக்கர் ஐயா காரணம் கேப்பாரு" என்றேன்.

"காரணமோ? ஆருட தலையிலயாவது போடத்தானே வேணும்! போய்ச் சொல்லு!"

சொன்னேன். அச்சொட்டாகச் சொன்னேன், எனக்கு அவ்வளவு எரிச்சல். கிளாக்கர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே சொற்களை எழுதினார், கீழே "பியோன் சரீப் வாய்மொழியாகக் கொண்டுவந்தது" என்று சேர்த்தார். அதன் கீழ் என் ஒப்பமும் வாங்கினார். 7/1936 ஈ. வன்னியனார் அதற்கும் கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கினார்.

அன்று பின்னேரம் வன்னியனாரின் ஆள் வந்து அழகரத்தினத்திடம் கம்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னான். நீ குடித்திருந்தாய் என்று கிளாக்கரே எழுதிவிட்டார் என்றான். அழகரத்தினம் கந்தோர் வாசலில் வந்து நின்றான். மனிதன் கள்ளைக் கண்ணாலும் பார்க்காதவன்.

"ஐயா, எழுதினயளோ?"

"எழுதினன்" என்றார் கிளாக்கர். பதிவிலிருந்து தலை நிமிரவில்லை.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அன்று கிளாக்கருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. கேட்டார், சீனி இல்லை என்றேன்.

கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. சங்கதி இதுதான்: எட்டாம் நம்பர் வந்து சேர்ந்துவிட்டது, ஏழு எங்கே? எட்டு என்பது இடையில் ஒரு கிடாய் பாதையிலிருந்து குதித்த கதை. அதைக் கிளாக்கர் அன்றன்றே அனுப்பியிருந்தார். ஆறுக்குப் பிறகு எட்டு வந்தால் அங்கே ஒருவன் ஏழைத் தேடத்தானே செய்வான்.

கடிதம் கேள்விப்பட்டு வன்னியனார் தானே வந்துவிட்டார். கதிரையில் அமர்ந்தார்.

"கடைசியா எழுதினத அனுப்பு."

கிளாக்கர் குண்டூசி குத்திய கட்டை மேசையில் வைத்தார். "அனுப்பத்தான் போறன் ஐயா."

"நான் ஒரு தாள் கேட்டன். இதென்ன பொத்தகம்?"

"ஏழு எண்டா இவ்வளவும்தான். வால விட்டிட்டு மாடு போகாது."

வன்னியனார் அப்போதுதான் அந்தத் தாள்களை வாசித்தார், வாழ்க்கையில் முதல்முறையாக. மரியாதைக்கு. பேர் தேவையில்லை. காற்று அடித்திருக்கலாம். கடைசித் தாளுக்கு வந்ததும் வெற்றிலை வாயிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் அவருடைய ஒப்பம், கொடுக்கு வைத்துச் சுழித்த அழகான ஒப்பம்.

"கிழி இத!"

"கிழிக்க ஏலாது, ரத்துப் பண்ணலாம். பதிவில ஏழுக்கு நேரே ரத்து எண்டு எழுதி, ஆரு சொன்னது, என்ன காரணம் எண்டு போட்டு அதையும் இதோட குத்துவன். காரணம் சொல்லுங்க."

"அப்ப எட்ட ஏழாக்கு!"

"எட்டு கச்சேரியில இருக்கு ஐயா. அங்க போய் ஆரு மாத்துற?"

வன்னியனார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த ஓலையில் அவ்வளவு அழகு இருக்கிறதென்று அன்றுதான் கண்டேன். நெற்றியைத் துடைத்தார், தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இரண்டு செம்பு குடித்தார்.

"மறுகா என்னதான் செய்யிற?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"இன்னும் ஒரு திருத்தம் செய்யலாம்" என்றார் கிளாக்கர். "அதுக்கென்ன."

வன்னியனார் தாள்களைக் கிளாக்கர் பக்கம் தள்ளினார். "முதல்ல இருந்தமாதிரியே எழுது" என்றார்.

7/1936 உ. கிளாக்கர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு நிமிர்ந்தார். "காரணம்?"

அந்தக் கேள்விக்கு அந்த மனிதர் பட்ட பாடு இருக்கிறதே, நான் அவருக்காக நடந்த நடையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கழிந்துவிட்டது. மரியாதை என்று சொல்லமுடியாது, காற்று என்றும் சொல்லமுடியாது. கடைசியில் பற்களுக்கிடையில், "முதல்ல எழுதினதுதான் நடந்தது" என்றார். ஒப்பமிடும் முன் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

கட்டு கச்சேரிக்குப் போனது. விசாரணையில் ஏசண்டுத்துரை எல்லாத் தாளையும் வரிசையாக வாசித்து, 'ஈ'யில் வந்து நின்று கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டாராம். ஹாஜியாருக்கு வன்னியனாரே புது அலுமாரி செய்து கொடுக்கவேண்டும், பாதைக்காரன் அன்றே வேலைக்குத் திரும்பவேண்டும் என்று உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆரையம்பதிக்கு நான் ஓடினேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கிளாக்கருக்குச் சீனி இல்லை என்று சொன்ன கதையையும் அவனிடம் சொன்னேன்.

அழகரத்தினம் நேரே கந்தோருக்கு வந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் மேசையில் ஓங்கிக் குத்தினான், மைக்கூடு துள்ளியது.

"அண்டைக்கே மாட்டன் எண்டு சொல்லியிருந்தா என்ன ஐயா? என்னக் குடிகாரன் எண்டு எழுதினயளே!"

"நான் மாட்டன் எண்டா வேற ஒருத்தனக் கொண்டு எழுதுவிப்பார். அவன் பழசக் கிழிச்சுப்போட்டு எழுதுவான்."

"அப்ப எனக்கிட்டயாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்! வீட்டில அடுப்பெரியல்ல. என்ட பொஞ்சாதி நாள் முழுக்க அழுதாள்."

கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"சொல்ல எத்தின தரம் வாயத் திறந்தன் தெரியுமா?" என்றார். "உனக்குச் சொல்லியிருந்தா அதையும் ஏழில எழுதவேணும். மறுகா நாம ரெண்டு பேரும் சேந்து செய்த வேல எண்டு சொல்லுவானுகள்."

அழகரத்தினம் மைக்கூட்டை நேராக்கி வைத்தான். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாசலில் நின்று, திரும்பாமலே, "சரீப், அந்தாளுக்குத் தேத்தண்ணி குடு" என்றான். "சீனி போட்டுக் குடு."