தானாகப் புதுப்பித்துக்கொண்ட சந்தா

ஓராண்டு டியூஷன் சந்தா தானாகவே புதுப்பிக்கப்பட்டு, கார்டிலிருந்து பணம் போய்விட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்ததும், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தவமலர், ரிங்லெட் ஊரில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தனுஜாவிடம் ஓடினாள்.

“வேணாம்னுதானே அந்த டியூஷன் ஆப்பை போன மாசமே அழிச்சேன்.”

“ஆப்பை அழிச்சா சந்தா நிக்காதுக்கா. புதுப்பிக்கிற தேதிக்கு முன்னாலயே கணக்குக்குள்ள போயி ரத்து செய்யணும்,” என்ற தனுஜா, அந்த நிறுவனத்தின் விதிமுறைகளைப் படித்தாள். “ஏழு நாளைக்குள்ள கேட்டா பணத்தைத் திருப்பிக் கொடுப்பாங்களாம். ஆனா புதுப்பிச்ச பெறகு ஒரு பாடத்தைக்கூட தொறந்திருக்கக் கூடாது.”

தவமலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் லோஷினியின் கைப்பேசியிலும் அதே கணக்குதான் இருந்தது. அழைத்தாள், எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தபோதுதான் எடுத்தாள்.

“டியூஷன் பாடம் எதையாச்சும் தொறந்தியாடி?”

“இல்லம்மா, லைன் கெடைக்கல. இப்பதான் தொறக்கப் போறேன்.”

“தொறக்காத லா, கைய எடு.”

தனுஜா முதலில் தானியங்கிப் புதுப்பிப்பை ரத்து செய்தாள். “இது அடுத்த வருசத்தைத்தான் தடுக்கும். போன பணத்தைத் தனியா கேக்கணும்க்கா,” என்று அதற்கும் விண்ணப்பித்தாள்.

பணம் கார்டுக்கே திரும்பும் என்று மறுநாள் பதில் வந்தது. அதுவரை லோஷினியின் கைப்பேசி தவமலரின் இடுப்பிலேயே செருகிக் கிடந்தது.