இருபது ஊர்கள்

கணினி விளையாட்டில் வரும் ஊர்களுக்குப் பெயர் வைப்பதுதான் ஆறு வருடமாக அவள் வேலை. அவள் வைத்த மூவாயிரம் பெயர்களையும் புரோகிராமர் ஒரு நிரலுக்குக் கொடுத்தான். எந்த இரண்டு எழுத்துக்குப் பின் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று அது எண்ணிக்கொண்டது. அந்த விகிதத்தில் எழுத்தெழுத்தாகக் குலுக்கிப் போட்டுப் புதுப் பெயர்களை உண்டாக்கியது. பட்டியலில் ஏற்கெனவே இருந்தவற்றைக் கழித்துவிட்டது.

மேலாளர் தாளை நீட்டினார். "இருபது ஊர்ப் பேர் இருக்கும்மா. பாதி உன்னோடது, பாதி அந்த நிரலோடது. உன்னோடதைச் சரியா காட்டிட்டா, இந்த வேலை இனியும் உனக்குத்தான்."

"பெத்தவளுக்குப் பிள்ளையத் தெரியாதா சார்?"

சேலிவனம், தோரிவனம், மாலிவனம். தன் பெயர்கள் பெரும்பாலும் வனத்தில்தான் முடியும் என்பது அவளுக்குத் தெரியும். மளமளவென்று பத்துக்கு டிக் போட்டாள். ஒக்கிலா என்ற பெயரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "தூக்கத்துல உளறின மாதிரி இருக்கு. இது அதோடதேதான்."

புரோகிராமர் தாளை வாங்கிச் சரிபார்த்தான்.

"அக்கா, நீங்க டிக் போட்டதுல எட்டு அதோடது."

"வனம்னு இருக்கேடா!"

"உங்க பட்டியல்ல 'லிவ' வந்தா அடுத்து 'ன'தான் அதிகம். அதைத்தானே அது எண்ணி வெச்சிருக்கு."

"அப்போ ஒக்கிலா?"

"நீங்க சேர்ந்த வாரம் வெச்சது."

மேலாளர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெயரை எப்போது, எதை நினைத்து வைத்தோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.