கண்ணாடியில் தெரியாத வானம்

ரொட்டிக்காரியின் கடையில் நான்கு நாளாக ரொட்டி இல்லை, புகைதான். மேலே போக வேண்டிய புகை, விறகைப் பற்றவைத்த உடனேயே அடுப்பின் வாய் வழியாக அறைக்குத் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய பத்து நாளும் அடுப்பு அணைந்து கிடந்தது. மொட்டைமாடியில் தனக்கு ஓர் அறை கட்டுவதாகவும், கல்லும் மண்ணும் விழும் என்பதால் கடையை மூடி வைக்கும்படியும் வீட்டுக்காரர் கேட்டிருந்தார். மூடினாள். நல்லவளாக இருந்ததற்குக் கைமேல் பலன் கிடைத்தது.

முதல் நாள் அவர் சொன்னதை நம்பவும் செய்தாள். குளிர்ந்து கிடந்த புகைபோக்கி சூடேறும்வரை புகையை இழுக்காது என்றார். அது பொய்யில்லை, அவளுக்கும் தெரிந்ததுதான். புகைபோக்கியின் அடியில் கரி அள்ளுவதற்கென்று ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. அதைத் திறந்து, காகிதத்தைக் கொளுத்தி உள்ளே காட்டினாள். இழுக்கிற புகைபோக்கி என்றால் தீ உள்பக்கமாகச் சாய்ந்து மேலே பாயும். இது சாயவேயில்லை. திணறித் திணறி அவள் முகத்திலேயே புகையைத் துப்பியது. இரண்டாம் நாளும் அதே கூத்து.

மூன்றாம் நாள், புகை அடங்கிவிட்டது, கங்கு மட்டும்தானே இருக்கிறது என்று நாத்தனார் அடுப்பருகே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலைவலி என்றாள், அப்படியே சரிந்தாள். வாசலுக்கு இழுத்துப் போட்டு, காற்று பட்ட பிறகுதான் கண் திறந்தாள். கண்ணுக்குத் தெரிகிற புகையைவிடத் தெரியாத நச்சுதான் பொல்லாதது. ரொட்டிக்காரி அடுப்புக் கங்குகளை வாளியில் அள்ளித் தெருவில் கொட்டினாள். அதுவரை இருந்த பொறுமையும் அதோடு போயிற்று.

மொட்டைமாடிச் சாவியைக் கேட்டாள். வீட்டுக்காரர் பிடிகொடுக்கவில்லை. அவள் ஈர விறகை எரித்துத் தெருவையே நாறடிக்கிறாள் என்று சுகாதார அதிகாரிக்கு மனு வேறு எழுதிப் போட்டார். மறுநாள் பகலில் அதிகாரி அடுப்புக்குச் சீல் வைக்க வந்து நின்றார். பின்னால் வீட்டுக்காரர், மாப்பிள்ளைத் தோழன் போலச் சிரித்த முகமாக.

ஆள் மயங்கி விழுந்த இடத்தில் நெருப்பு கூடாது என்றார் அதிகாரி. அது நியாயம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் வழியை விட்டு நகரவில்லை.

"சீல் வைங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க."

இரண்டு விறகை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். கணீரென்றது. ஈர விறகு இப்படிப் பேசாது. பிறகு நாத்தனாரின் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி, இரும்புக் கதவுக்குள் சாய்த்துப் பிடித்தாள். அதிகாரி முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் ஒரே இருட்டு.

"நேரான புகைபோக்கி சார் இது. பட்டப்பகல்ல ஒரு கைக்குட்டை அளவாவது வானம் தெரியணும். எங்க போச்சு அது?"

அதிகாரி எழுந்து சாவி கேட்டார். வீட்டுக்காரர் எல்லாப் பைகளையும் துழாவினார். பூட்டை உடைக்கலாமா என்று கேட்டதும் சாவி தானாகக் கிடைத்தது.

மேலே, புது அறையின் ஜன்னலுக்கும் புகைபோக்கியின் வாய்க்கும் நடுவே ஒரு கை நீளம்தான். ரொட்டிக்காரி கயிற்றில் செங்கல்லைக் கட்டி உள்ளே இறக்கினாள். இரண்டு முழத்திலேயே தட்டி நின்றது. அந்த அறையைக் கட்டிய கொத்தனார் பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்தார்; அதிகாரி ஆள் விட்டு அழைத்தார். அவர் கொக்கி போட்டு இழுத்தார். மேலே சாந்து கொட்டி இறுகிப்போன சாக்குமூட்டை ஒன்று வெளியே வந்தது.

"ரொட்டியில மண்ணு விழக்கூடாதேன்னு நான்தான் திணிச்சேன்," என்றார் கொத்தனார். "வேலை முடிஞ்சு எடுக்க வந்தப்ப, ஜன்னலுக்குப் புகை வரும், கிடக்கட்டும்னு ஐயாதான் தடுத்துட்டாரு."

அதிகாரி சீல் அரக்கைப் பைக்குள் போட்டுவிட்டு வேறொரு தாளை எடுத்தார். பக்கத்தில் இவ்வளவு உயரச் சுவர் நின்றால் காற்று அடிக்கிற நாளில் புகை கீழே அமுங்கும். புது அறையின் கூரைக்கு மேலே போகும்படி புகைபோக்கியை உயர்த்த வேண்டும், அது வீட்டுக்காரர் பொறுப்பு என்று எழுதினார்.

கீழே வந்து, எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, அவள் மறுபடி காகிதத்தைக் கொளுத்தினாள். தீ சட்டென்று உள்ளே சாய்ந்து மேலே ஓடியது. அடுப்பில் விறகு பிடித்தது. அறையில் ஓர் இழை புகை இல்லை. நாத்தனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

வீட்டுக்காரர் இருமிக்கொண்டே படியிறங்கி வந்தார். புகையெல்லாம் தன் அறைக்குள் வருகிறது, புகைபோக்கியை உயர்த்தும்வரை அடுப்பை அணைத்து வை என்றார்.

"இவ விழுந்தப்ப உங்ககிட்ட சாவி கேட்டேன், தரல," என்றாள் ரொட்டிக்காரி. "எங்களுக்கு மூச்சு விடக் கதவு மட்டும்தான் இருந்துச்சு. உங்களுக்கு ஜன்னல் இருக்கு. மூடிக்குங்க."

அவர் மேலே போய் ஜன்னலை அறைந்து சாத்திய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அவள் இன்னொரு விறகைத் தள்ளினாள்.