பதினொன்றரை வரை

அழைப்பிதழில் ஒரு குறையும் இல்லை. எங்கள் கம்பெனியின் புதிய காது கேட்கும் கருவிக்கான பத்திரிகையாளர் சந்திப்பு, நாளை காலை பதினொரு மணி, ஹோட்டலின் இரண்டாம் மாடி அரங்கு. நிறுவனருடன் தனிப் பேட்டி பன்னிரண்டே காலிலிருந்து, ஆளுக்குப் பத்து நிமிடம், முன்பதிவு அவசியம். செய்தியைப் பதினொன்றரை வரை வெளியிடக் கூடாது. அதைத்தான் நாங்கள் எம்பார்கோ என்போம்.

அதற்குச் சம்மதித்து எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் விலையோடு கூடிய முழுக் குறிப்பை அனுப்ப வேண்டும். நான் என்ன செய்தேன்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அழைப்புடனேயே குறிப்பையும் இணைத்து நாற்பத்து மூன்று நிருபர்களுக்கும் அனுப்பிவிட்டேன். சம்மதிக்காதவர்களை எது கட்டுப்படுத்தும்?

மேலாளர் கதவருகே வந்து நின்றார்.

"காது மெஷின் விலை இன்னிக்கே வெளிய வந்துச்சுன்னா, நாளைக்கு நீங்க இங்க வர வேண்டாம்."

மூன்று மணியிலிருந்து ஒவ்வொருவராக அழைத்துக் கெஞ்சினேன். காபி ஆறிப்போனது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆறு மணிக்குள் நாற்பத்திரண்டு பேர் சம்மதம் எழுதிவிட்டார்கள்.

மிச்சம் ஒருத்தி. வணிகப் பக்க நிருபர். என் கூடப் பிறந்த அக்கா.

ஏழாவது தடவைதான் எடுத்தாள்.

"ஏன்டி உயிரை வாங்குற? நான் எதுக்கும் ஒத்துக்கலையே. மூணு மாசமா இந்த விலையைத்தான் தேடிட்டு இருக்கேன். எடிட்டர் முதல் பக்கத்துல இடம் ஒதுக்கிட்டாரு."

"அக்கா, எனக்கு வேலை போயிடும்."

"தங்கச்சியா கேக்கறியா, கம்பெனி ஆளா கேக்கறியா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டும்தான்! முதல் பேட்டி உனக்கே தரேன், போதுமா?"

"போனை வை."

ஒரு மணி நேரம் அந்தச் செய்தித்தாளின் இணையதளத்தைத் திறந்து திறந்து மூடினேன். ஏழரைக்கு அவர்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'பதினொன்றரை வரை காத்திருக்கச் சம்மதம். முதல் பேட்டியை உறுதி செய்யவும்.' அப்பாடா! மேஜை மேலேயே தலையைச் சாய்த்துவிட்டேன்.

மறுநாள் அக்காவின் பெயர் அட்டை வைத்த நாற்காலியில் அதே செய்தித்தாளின் வேறொரு நிருபர் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டே காலுக்குப் பேட்டி அறைக்கு வந்தவரும் அவரேதான்.

வராந்தாவுக்கு ஓடிப் போய் அக்காவை அழைத்தேன்.

"அனுப்பினது என் தங்கச்சின்னு எடிட்டர்கிட்ட சொல்லிட்டேன்டி. சொந்தக்காரி கொடுத்ததை முந்திப் போட்டா பேப்பர் பேரு கெடும்னு நிறுத்திட்டாரு. இனிமே உங்க கம்பெனி செய்தி எதுவும் எனக்கு வராது."

"அக்கா…"

"வேலை இருக்குல்ல உனக்கு? போய்ப் பாரு."

உள்ளே அந்தப் புது ஆள் முதல் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா மூன்று மாதமாக வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்த கேள்வி அது.