இரண்டரை பாகை பறந்த மரம்

அந்த மரத்துக்குப் 'பறக்குற மரம்' என்று பெயர் வைத்தவள் நான்தான். நீங்கள் வேறு யார் வாயிலிருந்தாவது தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

1991-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் வனச்சரக ஆபீஸில் நான் வரைவாளர். மலையிலிருந்து வரும் குறிப்புகளை வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. அந்தக் கோடையில் சாம்பல் நிற அணில்களின் கூடுகளைக் கணக்கெடுத்தோம். வனக்காப்பாளர் வைகுண்டராஜ் ஒரே மரத்தில் ஒன்பது கூடு பார்த்ததாக எழுதியிருந்தார். ராஜபாளையத்துக்காரர், பீரங்கிப் படையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். ஒரு கரடியைப் பார்த்தால் குடும்பத்தோடு பார்த்ததாகச் சொல்லுவார். ஒன்பது கூட்டை யார் நம்புவது?

மரத்தை ஒட்டிய பாறை மேல் நின்று திசைகாட்டியில் இரண்டு கோணம் பார்த்திருந்தார். கிழக்கே ஆண்டாள் கோயில் கோபுரம் 85 பாகை. தெற்கே ஒரு மலையுச்சி 175 பாகை. எழுதி முடித்து இறங்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டோடு ராஜபாளையத்தில் படுத்திருந்த மனிதரை வழிகாட்டக் கூப்பிட முடியுமா?

திசைகாட்டி ஊசி உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வருஷம் அது இரண்டரை பாகை மேற்கே விலகி நின்றது. அதனால் திசைகாட்டியில் பார்த்த கோணத்தில் இரண்டரையைக் கழித்துவிட்டுத்தான் வரைபடத்தில் கோடு போட வேண்டும். நான் கழித்தேன். 82½, 172½. கோபுரத்திலிருந்தும் உச்சியிலிருந்தும் பின்னோக்கிக் கோடு இழுத்தேன். வெட்டிக்கொண்ட இடத்தில் சுத்தமாக ஒரு புள்ளி வைத்தேன்.

வாட்சர் மலைச்சாமி ஒரு பகல் முழுக்க ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வேர்த்து வடிய வந்தார்.

"மரமும் இல்ல, மட்டையும் இல்லம்மா. மொட்டைப் பாறை. ஓணான் ஒண்ணு மட்டும் என்னைய மொறைச்சுக்கிட்டு இருந்துச்சு."

"அணிலோட சேர்ந்து மரமும் பறந்துருச்சு போல" என்றேன். ஆபீஸே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

ரேஞ்சர் சௌந்தரபாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை கணக்கை அனுப்பணும். அதுக்குள்ள மரம் கிடைக்கலைன்னா அந்தச் சரிவைக் கணக்குல இருந்து விட்டுருங்க. பொய்க்குறிப்பு எழுதுனதுக்கு அவர்கிட்ட விளக்கமும் கேக்கணும்" என்றார்.

கால் முறிந்து கிடப்பவருக்கு மெமோ. அதைத் தட்டச்சு செய்ய நான்தான் கொடுத்தேன். சிரித்தது சரிதான், மெமோ சரியில்லை என்று தோன்றியது. குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

முதல் பக்கத்திலேயே ஒரு வரி: 'அடிவாரக் கொட்டகையிலிருந்து கோபுரம், 72.' மலையேறும் முன் கருவியைச் சோதித்திருக்கிறார். கொட்டகையும் கோபுரமும் வரைபடத்திலேயே இருப்பவை. பாகைமானியை வைத்து அளந்தேன். உண்மை வடக்கிலிருந்து சரியாக 72.

சரியாக இருந்ததுதான் தப்பு. அந்த இடத்தில் ஊசி 74½ அல்லவா காட்டியிருக்க வேண்டும்? திசைகாட்டி தானாக 72 சொல்லாது. யாரோ கழித்திருக்கிறார்கள். அந்த யாரோ வைகுண்டராஜ். மலையிலேயே கழித்துத் திருத்திய எண்ணைத்தான் எழுதியிருக்கிறார்; திருத்தியதாக ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கழித்ததையே மறுபடி கழித்துவிட்டேன்.

85, 175 என்று அப்படியே வைத்துப் புதுக்கோடு போட்டேன். புள்ளி வடக்கே, சற்றுக் கிழக்காக, நானூற்றைம்பது மீட்டர் நகர்ந்தது. ரேஞ்சரிடம் போய், "தப்பு என்னோடது சார்" என்றேன். காது வரைக்கும் சுட்டது. மெமோவை அவர் மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மலைச்சாமி வாயெல்லாம் பல்லாக வந்தார். "மரம் இருக்கும்மா. ஆனா அவரு சொன்னது பொய்தான். ஒம்பது இல்ல, பதினொண்ணு!"

மறுநாள் கணக்கை அனுப்பிவிட்டு, வரைபடச் சுருளோடு ராஜபாளையம் பஸ் ஏறினேன். வைகுண்டராஜ் கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம், நான் வைத்த பெயர் உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன்.

"கழிச்சதை ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா?"

"எழுதியிருக்கணும். பட்டாளத்துல திருத்தாத எண்ணைக் கொடுத்தா தோலை உரிச்சிருவாக. அந்தப் பழக்கம்" என்றார். பிறகு கட்டைப் பார்த்துக்கொண்டே, "நாள் பூரா குனிஞ்சு கோடு போடுறீக. கழிக்கிற வேலையாவது மிச்சமாகட்டுமேன்னு நெனச்சேன்" என்றார்.

சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது. பேனாவைத் திறந்து, "மரத்துக்கு வரைபடத்துல ஒரு பேரு போடணும். உங்க பேரையே போடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், 'பறக்குற மரம்'னே போடுங்க. நல்ல பேரு." மீசைக்குள் சிரித்தார். "ஆனா பக்கத்துலயே, பறக்கவிட்டது யாருன்னும் எழுதிருங்க மேடம். நான் விட்ட மாதிரி நீங்களும் விட்டுறாதீக."

எழுதினேன்.