திருநிறைச்செல்வியின் தங்கை

அக்காள் கல்யாணப் பத்திரிகையைத் திருத்த, எழிலரசி தானே வலிய அச்சகத்துக்கு வந்திருந்தாள். தாய்மாமன் பெயருக்குப் பின்னால் விட்டுப்போன ‘அவர்கள்’ சேர்த்தாள். அழைப்பவர் என்று கீழே வரும் அப்பா பெயரிலிருந்து ‘திரு’வை அடித்தாள். அக்காளுக்குப் போட்டிருந்த ‘திருநிறைச்செல்வி’யை மட்டும் தொடவில்லை.

“ஏம்மா, வீட்டுல கடைசிக் கல்யாணத்துக்குத்தானே அப்படிப் போடுவாங்க? நீ ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே! திருவளர்ச்செல்வின்னுல்ல வரணும்?” என்றாள் அச்சகத்துக்காரி செண்பகவல்லி.

“இருக்கட்டும்க்கா. என் படிப்பு முடிய ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் எவரும் ஜாதகம் கேட்டு வராம இருப்பாங்கல்ல?”

செண்பகவல்லி சிரித்துக்கொண்டே அதைத் ‘திருவளர்ச்செல்வி’ என்று திருத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க அண்ணன் மகன் ரெண்டு வருஷம் காத்திருப்பான். உனக்கு என்ன நட்சத்திரம்?”