பம்பு வாத்தியாரின் தண்ணீர் மாத்திரை

மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே அவருக்குப் பம்பு வாத்தியார் என்று பட்டப்பெயர். இதயச் செல்லில் ஒரு பம்பு இருக்கிறது, அது சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது என்று ஆரம்பித்தால் மனிதர் லேசில் நிறுத்த மாட்டார். ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியிலிருந்து எடுக்கிற டிகாக்சின் போய் அந்தப் பம்பை அடைத்துக்கொள்ளும். உள்ளே சோடியம் தேங்கும். தேங்கினால் கால்சியம் வெளியேற வழியில்லாமல் நிற்கும். அந்தக் கால்சியத்தின் பலத்தில் இதயம் ஓங்கி அடிக்கும். கொஞ்சம் கூடிப்போனாலோ அதே மருந்து ஆளைக் கவிழ்த்துவிடும். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பி இதைச் சொல்ல வைத்தவர் அவர்.

ஓய்வு பெற்றபின் அதே மாத்திரை அவருக்கே வந்து சேர்ந்தது. அவர் இதயம் தளர்ந்துபோய், தாளம் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. எழுதிக்கொடுத்தது இதய மருத்துவராக இருக்கும் மகள். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், மாடியிலிருக்கும் தன் புத்தக அறைக்குத் தானே ஏறிப் போனார். அதற்குப் பிறகு அந்த மாத்திரையை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பாரா என்ன!

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கால் லேசாக வீங்கியது. மகளிடம் சொன்னால் ஆஸ்பத்திரி, படுக்கை என்று கிளம்பிவிடுவாள். இதற்கெல்லாம் எதற்கு அவள், நமக்குத் தெரியாததா என்று, மகள் கூடவே கொடுத்திருந்த, சிறுநீரைக் கூட்டி வீக்கம் வடிக்கிற தண்ணீர் மாத்திரையை இரட்டிப்பாக்கிக்கொண்டார். கால் வற்றியது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. சிறுநீரோடு பொட்டாசியமும் போய்க்கொண்டிருந்ததை அவர் நினைக்கவே இல்லை. நினைக்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான்.

பிறகு சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. தட்டைப் பார்த்தாலே குமட்டியது. மனைவி சமையலில் எண்ணெய் ஜாஸ்தி என்று அவள்மேல் பாய்ந்தார். அடுத்தது சுவரெல்லாம் மஞ்சளடித்த மாதிரி தெரிய, மட்டமான பல்பு வாங்கிவிட்டாள் என்று ஒரு சண்டை. பாவம், அந்த அம்மாள் பல்பை மாற்றினாள். அதுவும் அவர் கண்ணுக்கு மஞ்சளாகத்தான் எரிந்தது.

குளியலறை வாசலில் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்த அன்றுதான் மனைவி யாரையும் கேட்காமல் மகளுக்குப் போன் போட்டாள். இதய வார்டில் ஈசிஜி எடுத்தார்கள். ஒரு துடிப்பு ஒழுங்காக வந்தால் அடுத்தது முந்திக்கொண்டு வந்தது. டிகாக்சின் மிஞ்சினால் குமட்டும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகும். குமட்டல் உண்டா என்று மகள் கேட்டதற்கு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கூசாமல் சொன்னார். ரத்தத்தில் டிகாக்சின் அளவு பார்த்தார்கள். அனுமதித்த எல்லைக்குள்தான் இருந்தது.

"பாத்தியா? அளவு நார்மல். மாத்திரைமேல பழி போடாத" என்றார், பரீட்சையில் தேறிய பையன் மாதிரி.

மகள் ரிப்போர்ட்டில் அடுத்த வரியை அவர் கண்முன் நீட்டினாள். பொட்டாசியம் பாதாளத்தில் கிடந்தது. பம்பில் டிகாக்சின் உட்காரும் இடத்துக்குப் போட்டி போடுவதே பொட்டாசியம்தான். போட்டிக்கு ஆள் இல்லையென்றால், நார்மல் அளவு மருந்தே பம்பை வளைத்துப் பிடித்துக்கொள்ளும். இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

"நீங்க புரொஃபசர்னு அந்தப் பம்புக்குத் தெரியாதுப்பா" என்றாள் மகள். "செத்துப் போயிருப்பீங்க."

அவருக்குக் கண் கலங்கியது. குமட்டுகிறது என்று சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவாள், மறுபடி கீழேயே நாற்காலியில் மூச்சிரைத்துக் கிடக்க வேண்டும், அந்தப் பயம்தான் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாள் என் சமையலைத் திட்டினீங்களே என்று மட்டும் கேட்டாள்.

டிகாக்சினை நிறுத்தி, ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே பொட்டாசியம் ஏற்றினார்கள். துடிப்பு மெல்ல வழிக்கு வந்தது. வாய்வழியாகவும் பொட்டாசியம் மருந்து கொடுத்தார்கள். அது நாக்கில் வைக்க முடியாத கண்றாவி. ரத்தத்தில் எல்லாம் சரியானதும், பாதி அளவில் மறுபடி தொடங்கலாம் என்று மகள் மாத்திரையோடு கட்டிலருகே வந்து நின்றாள். மாடி ஏறும் வழி அவள் உள்ளங்கையில் இருந்தது.

"குமட்டல் இருக்காப்பா?"

இருந்தது. அந்தப் பாழாய்ப்போன பொட்டாசியம் மருந்தால்கூட இருக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான் என்று வாதாட அவருக்கு வாய் வரை வந்துவிட்டது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்மா" என்றார்.

மகள் மாத்திரையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.